உலர்களம் கேட்ட விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது?

கேள்வி: எங்கள் ஊரில் நெல் காயவைக்கக் களம் இல்லை. உழவர் குழு சார்பில், ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து உதவி கேட்டு விண்ணப்பித்தோம். 'தேவை போதிய ஆதாரத்துடன் விளக்கப்படவில்லை' என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். களம் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தாலே தெரியுமே! இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

– டெல்டா மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: விண்ணப்பத்தில் களத்தின் நீளம், அகலம், மதிப்பீடு, வரைபடம் எல்லாம் சரியாகவே இருக்கும். பொறியாளர் போட்டுக் கொடுத்திருப்பார். பெரும்பாலும் இடறுவது, முதல் பக்கத்தில் 'திட்டத்தின் தேவை' என்ற தலைப்பில் வரும் நான்கைந்து வரிகளில்தான். அந்த வரிகளைக் கடைசி நாள் இரவில் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார்.

இதை விளக்க, காவிரிப் பாசனத்தில் குறுவை சாகுபடி செய்யும் ஒரு சிற்றூரின் குழுவை எடுத்துக்கொள்வோம். ஊரும் எண்களும் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. முறை மட்டும் எந்த ஊர் விண்ணப்பத்துக்கும் அப்படியே பொருந்தும். அந்தக் குழு முதலில் எழுதி அனுப்பியது இது:

"எங்கள் கிராமம் மிகவும் பின்தங்கிய கிராமம். ஆண்டுதோறும் அறுவடை நேரத்தில் பெய்யும் மழையால் பெரும்பாலான நெல் வீணாகிறது. உலர்களம் இல்லாத காரணத்தால் விவசாயிகள் 30 சதவீதம் வரை நஷ்டம் அடைகிறார்கள். சுமார் 500 குடும்பங்கள் பாதிக்கப்படுகின்றன. எனவே உலர்களம் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஊர்க்காரர் யார் படித்தாலும் தலையாட்டுவார். ஆனால் சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்து படிப்பவருக்கு ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி எழும். 30 சதவீதம் என்றால் எதில் 30? விளைச்சலிலா, விலையிலா, வருமானத்திலா? 500 குடும்பங்களும் நெல் போடுகிறார்களா? நெல் வீணாகிறது என்றால் முளைத்துப் போகிறதா, அல்லது குறைந்த விலைக்குப் போகிறதா? களம் கட்டிவிட்டால் இத்தனையும் நின்றுவிடுமா? பதில் கிடைக்காத விண்ணப்பத்தை அவர் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வாசகர் கேட்டிருக்கும் 'களம் இல்லை என்பதே ஆதாரம்தானே' என்ற கேள்வியை முதலில் பார்த்துவிடலாம். களம் இல்லை என்பது தேவை ஆகாது. அது, கேட்கும் பொருள் கையில் இல்லை என்று சொல்வது மட்டுமே. ஊரில் குளிர்பதனக் கிடங்கும்தான் இல்லை; அதற்காக யாரும் அதைக் கட்டித் தர மாட்டார்கள். களம் இல்லாததால் யாருக்கு, எப்போது, எவ்வளவு பணம் போகிறது என்பதுதான் தேவை. அதை எழுதிவிட்டால் 'இல்லை' என்ற சொல்லே வேண்டியிருக்காது.

விண்ணப்பம் திரும்பி வந்ததும் அந்தக் குழு கூட்டம் போட்டது. பொருளாளர் கேட்டாராம்: "ஏண்ணே, இந்த முப்பதுங்கிற கணக்கு எங்கேருந்து வந்துச்சு?" செயலாளர், துணைத்தலைவர் சொன்னதாகச் சொன்னார். துணைத்தலைவர், பத்திரிகையில் படித்த ஞாபகம் என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "அந்த வருஷம் என் நெல்லு முப்பது மூட்டை நனைஞ்சுது, அதைச் சொல்றீங்களோ?" என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பல விண்ணப்பங்களில் சதவீதம் இப்படித்தான் பிறக்கிறது. குழு அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, குடும்பக் கணக்கிலிருந்து மறுபடி தொடங்கியது.

500 குடும்பம் எப்படி 44 ஆனது?

500 என்பது ஊரின் ரேஷன் கார்டுகளின் எண்ணிக்கை. அதில் நிலம் இல்லாதவர், வெளியூரில் வேலை பார்ப்பவர், தென்னை மட்டும் வைத்திருப்பவர் எல்லோரும் அடக்கம். குறுவை போடுகிறவர் எத்தனை பேர் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கலே முதல் ஆதாரம். எந்தப் புல எண்ணில், எந்தப் பசலி ஆண்டில், என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று அதில் இருக்கும். பசலி ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை ஓடுவது. அதனால் எந்தப் பசலியின் அடங்கல் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அடங்கல்படி அந்த ஊரில் குறுவைப் பரப்பு 85 ஹெக்டேர், அதாவது 210 ஏக்கர். சாகுபடி செய்த குடும்பங்கள் 118.

அடுத்து, நான்கு இளைஞர்கள் நான்கு மாலை வேளைகளில் வீடு வீடாகப் போனார்கள். 118 குடும்பங்களில் 112 பேரைப் பார்க்க முடிந்தது. மீதி 6 குடும்பங்கள் வெளியூரில். இந்த 6 பேரை மறைக்கக் கூடாது. '118 குடும்பங்களில் 112 குடும்பங்களிடம் கேட்டோம்' என்று எழுதினால், படிப்பவருக்கு இவர்கள் உண்மையிலேயே போய்க் கேட்டிருக்கிறார்கள் என்று புரியும். '118 பேரிடமும் கேட்டோம்' என்று எழுதினால் அந்த நம்பிக்கை வராது.

கேட்ட கேள்விகள் ஐந்தே ஐந்து. போன குறுவையில் எத்தனை ஏக்கர் அறுத்தீர்கள்? எவ்வளவு நெல்லை ஈரத்தோடு வியாபாரியிடம் கொடுத்தீர்கள்? என்ன விலைக்கு? சீட்டு இருக்கிறதா? ஏன் காயவைக்காமல் கொடுத்தீர்கள்? நீளமான கேள்வித்தாள் போட்டால் பாதியில் சலித்துப்போய் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார்கள். இந்த அளவே சரி.

112 பேரில் 71 குடும்பங்கள் நெல்லை ஈரத்தோடு விற்றிருந்தன. மொத்தம் 1,340 குவிண்டால். இங்கேதான் ஒரு சுவாரசியம். அந்த ஃபிர்காவின் பயிர் அறுவடைப் பரிசோதனை விளைச்சல் ஏக்கருக்கு 22 குவிண்டால் என்று வைத்துக்கொண்டால், 210 ஏக்கரில் 4,620 குவிண்டால் வரும். அதில் 1,340 என்பது 29 சதவீதம். ஆக, ஊரில் புழங்கிய 30 என்ற எண் வெறும் கற்பனை இல்லை. அது ஈரத்தோடு விற்கப்பட்ட நெல்லின் பங்கு. வாய்மொழியாக நான்கு பேரைத் தாண்டும்போது 'ஈரத்தோடு விற்ற 30 சதவீதம்' என்பது 'நஷ்டம் 30 சதவீதம்' என்று மாறிவிட்டது. சதவீதம் எழுதும் இடத்தில் எல்லாம் 'எதில்' என்ற சொல்லையும் பக்கத்திலேயே எழுதிவிட்டால் இந்தக் கோளாறு வராது.

ஐந்தாவது கேள்விக்கு வந்த பதில்தான் குழுவைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியது. 71 குடும்பங்களில் 44 பேர் காயவைக்க இடமில்லை என்றார்கள். 16 பேர், நடவு நேரத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்ததால் களத்து மேட்டிலேயே நெல்லை அளந்துவிட வேண்டியிருந்தது என்றார்கள். 11 பேர், கொள்முதல் நிலையத்தில் காத்திருக்க முடியவில்லை என்றார்கள். முன்பணம் வாங்கியவருக்கு உலர்களம் எந்த விதத்திலும் உதவாது. ஊரே சிமென்ட் தளமாக இருந்தாலும் அவர் நெல் ஈரத்தோடுதான் போகும்.

"44ன்னு எழுதினா சின்னதா தெரியுமே, 71ன்னே போட்டுடலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போடக் கூடாது. நிதி கொடுப்பவர் கேட்கப்போவது, களத்தால் யாருக்குப் பலன் என்பதை. 71 என்று எழுதி, அடுத்த ஆண்டு ஆய்வுக்கு வரும்போது 27 பேர் இன்னும் ஈரநெல் விற்றுக்கொண்டிருந்தால், திட்டம் தோற்றதாகக் கணக்கு எழுதப்படும். 44 என்று எழுதி, 40 பேர் பயன்படுத்தினால் அது வெற்றி. மற்ற 27 குடும்பங்களை மறைக்கவும் வேண்டாம். 'இவர்களின் சிக்கல் கடனும் காத்திருப்பும். அதை இந்தத் திட்டம் தீர்க்காது' என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரி, மற்ற எல்லா வரிகளுக்கும் மதிப்பைக் கூட்டும்.

ஈரம் போனால் எடையும் போகும்

இனி நஷ்டக் கணக்கு. உலர்களம், உலர்த்தும் இயந்திரம் கேட்கும் விண்ணப்பங்களில் மிக எளிதாகத் தவறுகிற இடம் இது.

வியாபாரி ஈரநெல்லைக் குவிண்டால் 2,000 ரூபாய்க்கு எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் நிலையத்தில் காய்ந்த நெல் 2,500 ரூபாய். உடனே '500 ரூபாய் நஷ்டம்' என்று எழுதத் தோன்றும். ஆனால் ஒரு குவிண்டால் ஈரநெல்லைக் காயவைத்தால் ஒரு குவிண்டால் காய்ந்த நெல் கிடைக்காது. இடையில் தண்ணீர் போயிருக்கும்.

கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக ஏற்கும் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். இயந்திரத்தில் அறுத்த நெல்லின் ஈரம் 22 சதவீதம் என்று கொள்வோம். 100 கிலோவில் 22 கிலோ தண்ணீர், 78 கிலோ உலர்பொருள். காய்ந்த பிறகும் இந்த 78 கிலோ அப்படியே இருக்கும். ஆனால் அப்போது அது மொத்த எடையில் 83 சதவீதம். ஆகவே 78-ஐ 0.83-ஆல் வகுத்தால் 94 கிலோ. 100 கிலோ போய் 94 கிலோ ஆகிவிட்டது. 94 கிலோவுக்குக் கிலோ 25 ரூபாய் வீதம் 2,350 ரூபாய். வியாபாரி கொடுத்தது 2,000. வித்தியாசம் 350.

அதோடும் முடியவில்லை. நெல்லைக் கொட்டிப் பரப்ப, மணிக்கொரு தரம் கிண்டிவிட, மறுபடி அள்ளி மூட்டை பிடிக்க ஆள் கூலி உண்டு. அதற்குக் குவிண்டாலுக்கு 60 ரூபாய் என்று வைத்தால், கைக்கு உண்மையில் வராமல் போனது 290 ரூபாய். ஊரில் சொல்லிக்கொண்டிருந்த 500 எங்கே, 290 எங்கே! இதைச் சதவீதத்தில் சொன்னால், காயவைத்து விற்றிருந்தால் கிடைத்திருக்கும் 2,350 ரூபாயில் 12 சதவீதம்.

எண் சுருங்கிவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. 500 என்று எழுதினால், நெல் தெரிந்த ஒருவர் படிக்கும்போது எடைக் கழிவை மறந்துவிட்டார்கள் என்று உடனே கண்டுபிடிப்பார். அதன் பிறகு சரியாக எழுதிய மற்ற எண்களையும் அவர் நம்ப மாட்டார். 290-ஐ அவர் எவ்வளவு உரசிப் பார்த்தாலும் அது நிற்கும்.

22 சதவீத ஈரம் என்று யார் அளந்தார் என்ற கேள்வியும் வரும். கடித்துப் பார்த்தும், கையில் அள்ளிப் பார்த்தும் ஈரத்தைச் சொல்லும் அனுபவம் நம் விவசாயிகளுக்கு உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் அதை ஆதாரமாக வைக்க முடியாது. அறுவடை சமயத்தில் ஈரப்பதமானியை வாங்கி வைத்துக்கொண்டு, 20 குடும்பங்களின் நெல்லில் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரே குவியலில் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுத்துக் கலந்து அளந்தால்தான் சரியாக வரும். வெயில் பட்ட மேல்நெல்லை மட்டும் அளந்தால் ஈரம் குறைவாகக் காட்டும்.

அறுவடை முடிந்துபோய், அளவு எதுவும் கையில் இல்லையென்றால் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் வரம்பாக எழுதலாம். அதே விலைகளில், ஈரம் 20 சதவீதமாக இருந்திருந்தால் நஷ்டம் ஏறத்தாழ 350 ரூபாய்; 24 ஆக இருந்திருந்தால் ஏறத்தாழ 230. ஈரம் கூடினால் நஷ்டம் குறைகிறதே என்று குழப்பம் வரலாம். விலை அதே 2,000 ஆக இருக்கும்போது, அதிக ஈர நெல்லில் வியாபாரி வாங்குவதில் தண்ணீரும் அதிகம். நடைமுறையில் ஈரம் கூடக் கூட அவர் விலையையும் இறக்குவார். அதனால்தான் சீட்டில் உள்ள விலையையும் அன்றைய ஈரத்தையும் ஒன்றாக எழுதி வைக்கச் சொல்வது.

மழை அதிகமான சில ஆண்டுகளில், மாநில அரசு கேட்டுக்கொண்டு, ஒன்றிய அரசு இந்த 17 சதவீத வரம்பைத் தளர்த்தியதும் உண்டு. கணக்குப் போட்ட பருவத்தில் அப்படித் தளர்த்தியிருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த ஆண்டில் நெல்லை அந்த அளவுக்குக் காயவைக்காமலே விற்றிருக்க முடியும்.

சீட்டும் ஞாபகமும்

இடமில்லாமல் ஈரநெல் விற்ற 44 குடும்பங்களும் சேர்ந்து விற்றது 850 குவிண்டால். இதில் 27 குடும்பங்களிடம் வியாபாரி கொடுத்த துண்டுச்சீட்டோ, வீட்டு நோட்டுக் கணக்கோ இருந்தது. அதன்படி 520 குவிண்டால். மீதி 17 குடும்பங்களின் 330 குவிண்டால் ஞாபகத்திலிருந்து சொன்னது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதினாலும், இவ்வளவு சீட்டில் உள்ளது, இவ்வளவு வாய்மொழி என்று பிரித்துக் காட்டுவது நல்லது. 850-ஐ 290-ஆல் பெருக்கினால் 2,46,500 ரூபாய். அதில் சீட்டு உள்ள பகுதி மட்டும் 1,50,800 ரூபாய். வாய்மொழிக் கணக்கு முழுதையும் ஒருவர் ஏற்காவிட்டாலும் ஒன்றரை லட்சம் நிற்கிறது.

சீட்டுகளைச் சேர்க்கும்போது மூட்டையில் ஏமாந்துவிடக் கூடாது. கொள்முதல் நிலையத்தில் மூட்டை என்றால் 40 கிலோ. வியாபாரியிடம் மூட்டை என்றால் 60 கிலோவாகவும் இருக்கலாம், ஊருக்கு ஊர் கூடவோ குறையவோ இருக்கலாம். இரண்டையும் மூட்டை மூட்டையாகக் கூட்டினால் கணக்கு கந்தலாகிவிடும். எல்லாவற்றையும் முதலில் கிலோவாக்கி, பிறகு குவிண்டாலாக எழுத வேண்டும்.

இன்னொன்று, இது ஒரே ஒரு பருவத்தின் கணக்கு. முதல் விண்ணப்பத்தில் இருந்த 'ஆண்டுதோறும்' என்ற சொல்லுக்கு இது ஆதாரம் ஆகாது. அந்தப் பருவத்தில் வழக்கத்துக்கு மேல் மழை பெய்திருந்தால், மற்ற ஆண்டுகளில் நஷ்டம் குறைவாக இருந்திருக்கும். பக்கத்து மழைமானி நிலையத்தின் பதிவில், அறுவடை நடந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் எத்தனை மழைநாள் என்று கடந்த ஐந்து ஆண்டுகளுக்குப் பார்க்கலாம். வானிலைத் துறைக் கணக்கில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்த நாள்தான் மழைநாள். அந்த ஐந்து எண்களையும் அப்படியே கொடுத்து, நஷ்டக் கணக்கு எந்த ஆண்டுக்கு உரியது என்று சொன்னால், அது மோசமான ஆண்டா, சாதாரண ஆண்டா என்று படிப்பவரே பார்த்துக்கொள்வார். மோசமான ஆண்டாக இருந்தால் அதையும் நாமே சொல்லிவிடுவது நல்லது.

இதில் உலர்களத்தின் எல்லையும் தெரியும். தொடர்மழையில் சிமென்ட் தளமும் நெல்லைக் காயவைக்காது. மழை விட்டு விட்டுப் பெய்யும் நாட்களில், வெயில் அடிக்கும் நாலைந்து மணி நேரத்தைப் பயன்படுத்தத்தான் களமும் தார்ப்பாயும் உதவும். 'மழையால் ஏற்படும் நஷ்டம் முற்றிலும் நீங்கும்' என்று எழுதினால், அதை ஒரு வாரம் விடாமல் பெய்யும் மழையே பொய்யாக்கிவிடும்.

'பின்தங்கிய கிராமம்' என்ற வரியைக் குழு எடுத்துவிட்டது. எல்லா விண்ணப்பங்களிலும் அதே வரி இருப்பதால் யாரும் அதைப் படிப்பதில்லை. 'சாலையில் நெல் காயவைப்பதால் அடிக்கடி விபத்து நடக்கிறது' என்று இடையில் சேர்த்திருந்ததையும் எடுத்தார்கள். விபத்துக்குக் காவல் நிலையப் பதிவோ, மருத்துவமனைச் சீட்டோ கையில் இல்லை. அதற்குப் பதிலாக, அறுவடை நாளில் எடுத்த தேதியுள்ள படத்தை வைத்து, 'ஊர்ச் சாலையில் சுமார் 600 மீட்டர் தூரத்துக்கு நெல் பரப்பப்படுகிறது' என்று எழுதினார்கள். 600 மீட்டரை ஒரு பையன் டேப் பிடித்து அளந்தான்.

ஒரு குடும்பத்தின் கதையைச் சேர்க்கலாமா என்றும் பேச்சு வந்தது. சேர்க்கலாம். ஆனால் ஊரிலேயே அதிகம் இழந்தவரின் கதையை எடுக்கக் கூடாது. 44 குடும்பங்களின் சராசரி 19 குவிண்டால். அதற்கு அருகில் விற்ற ஒருவரை எடுத்து, அவர் சம்மதத்தோடு, பெயர் போடாமல் இரண்டு வரி எழுதினால் எண்களுக்கு முகம் கிடைக்கும்.

திருத்தி எழுதிய தேவைப் பகுதி இப்படி வந்தது:

"எங்கள் கிராமத்தில் கடந்த குறுவையில் 118 குடும்பங்கள் 85 ஹெக்டேரில் நெல் சாகுபடி செய்தன (கிராம அடங்கல்). இவற்றில் 112 குடும்பங்களிடம் எங்கள் குழு நேரில் விவரம் சேகரித்தது. 71 குடும்பங்கள் மொத்தம் 1,340 குவிண்டால் நெல்லை ஈரத்துடன் விற்றன. இவற்றில் 44 குடும்பங்கள், காயவைக்க இடமில்லாததே காரணம் என்று தெரிவித்தன. இவர்கள் விற்றது 850 குவிண்டால். இதில் 520 குவிண்டாலுக்கு விற்பனைச் சீட்டு அல்லது கணக்கு நோட்டு உள்ளது. எடைக் குறைவையும் உலர்த்தும் கூலியையும் கழித்த பிறகு, குவிண்டாலுக்கு 290 ரூபாய் வீதம் இந்த 44 குடும்பங்களும் ஒரு பருவத்தில் இழந்தது சுமார் 2,46,500 ரூபாய் (கணக்கு இணைப்பில்). 19 குவிண்டால் விற்ற ஒரு பெண் விவசாயிக்கு இது 5,510 ரூபாய். மீதி 27 குடும்பங்கள் ஈரநெல் விற்றது கடன் முன்பணத்தாலும் கொள்முதல் நிலையக் காத்திருப்பாலும்; இத்திட்டம் அதைத் தீர்க்காது."

முதலில் எழுதியதைவிட நீளம்தான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாள்களை, அதாவது அடங்கல் நகல், கணக்கெடுப்புப் பட்டியல், சீட்டுகளின் நகல், ஈரப்பத நோட்டு, மழைப்பதிவு ஆகியவற்றை இதே வரிசையில் எண் போட்டு இணைக்க வேண்டும். பட்டியலில் கைப்பேசி எண்ணும் ஆதார் எண்ணும் தேவையில்லை. கேட்டால் மட்டும் காட்டலாம்.

களத்தின் அளவையும் இந்தக் கணக்கோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட வேண்டும். நெல்லை 5 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 28 கிலோ பிடிக்கும். 500 சதுர மீட்டர் களத்தில் ஒரு தடவைக்கு 140 குவிண்டால். 850 குவிண்டாலை ஆறேழு தடவையில் உலர்த்திவிடலாம். தேவைப் பகுதியில் 850 என்று எழுதிவிட்டு, மதிப்பீட்டில் 2,000 சதுர மீட்டர் களம் கேட்டால், அடுத்த கேள்வி அங்கேயிருந்து வரும்.

கேள்வி: எங்கள் குழுவில் பாதிப்பேர் வாய்மொழிக் குத்தகைக்காரர்கள். அடங்கலில் நில உரிமையாளர் பெயர்தான் இருக்கிறது. இவர்களை எந்த ஆதாரத்தில் கணக்கில் சேர்ப்பது?

பதில்: அடங்கலில் பெயர் இல்லாதவர்களை 118-க்குள் சத்தமில்லாமல் நுழைத்துவிடக் கூடாது. தனி வரியாகக் காட்ட வேண்டும். எந்தப் புல எண்ணில் யார் சாகுபடி செய்கிறார் என்று குழு ஒரு பட்டியல் தயாரித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று கேட்கலாம். குத்தகைதாரர் உரிமைப் பதிவுச் சட்டம் தமிழ்நாட்டில் 1969-லேயே வந்துவிட்டது என்றாலும், பதிவு செய்துகொள்ளாத வாய்மொழிக் குத்தகை இன்னும் ஏராளம். சான்று கிடைக்காத இடத்தில், அக்கம்பக்கத்து நிலத்துக்காரர் இருவரின் கையெழுத்தையாவது பட்டியலில் வாங்கி, 'அரசுப் பதிவு இல்லை. குழுவின் கணக்கெடுப்பு' என்று அதன் மேலேயே எழுதிவிடலாம்.

இவர்களிடம் ஐந்தாவது கேள்வியைக் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் கேட்பார்கள் என்பதால், நெல் நன்றாகக் காய்ந்திருந்தாலும் வியாபாரியிடமே கொடுக்கும் குத்தகைக்காரர் இருக்கிறார். அவருக்குக் குறைவது களம் அல்ல, காகிதம். அவரை 'இடமில்லாதவர்' கணக்கில் சேர்த்தால் 44 என்ற எண் கலங்கிவிடும். நில உரிமையாளர் பெயரில் கொள்முதல் நிலையத்தில் போடுகிறவர் என்றால், சீட்டும் உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். அந்தச் சீட்டின் பின்புறம் சாகுபடி செய்தவர் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டால், நாளை ஆய்வுக்கு வருபவர் கேட்கும்போது தடுமாற வேண்டியிருக்காது.